கனிவும் கட்டுப்பாடும்: வங்கியின் தொலைபேசிக் குரல் எப்படிப் பேச வேண்டும்?

வங்கிக்குப் போன் போடுகிறவர் இன்று பெரும்பாலும் ஏதோ கோளாறு நேர்ந்ததால்தான் போடுகிறார். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் செயலி இருக்கிறது; பணம் வந்ததா என்று அறியக் குறுஞ்செய்தி வருகிறது. கார்டு தொலைந்தபோது, எடுக்காத பணம் போனபோது, அனுப்பிய பணம் போய்ச் சேராதபோதுதான் மனிதர் போனை எடுக்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு முதலில் கிடைப்பது தானியங்கிக் குரல். 'ஐவிஆர்' என்று வங்கிக்காரர்கள் சொல்லும் அந்தச் சேவைக்கு எப்படிப்பட்ட குணம் இருக்க வேண்டும் என்று கேட்டால், கனிவாகவும் இருக்க வேண்டும், நம்பும்படியும் இருக்க வேண்டும் என்பார்கள். சொல்வது எளிது. ஆனால் இந்த இரண்டும் பல இடங்களில் ஒன்றையொன்று இழுக்கின்றன. குழைந்து பேசும் குரலைக் கேட்டுப் பணத்தை இழந்தவர்கள் நிறைந்த நாட்டில், குழைவே சந்தேகத்துக்கு இடமாகிறது.

இந்தக் கட்டுரை ஒரே ஓர் அழைப்பை எடுத்துக்கொள்கிறது: ஏடிஎம் கார்டு களவுபோய், கணக்கிலிருந்து பணமும் எடுக்கப்பட்ட ஒருவர் தமிழில் பேசும் வங்கிச் சேவையை அழைக்கிறார். அந்த அழைப்பைப் படிப்படியாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். குரலின் இனிமையை விட, எதை முதலில் சொல்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது, சொன்னதைச் செய்கிறதா என்பதில்தான் கனிவும் நம்பகமும் பெருமளவு அடங்கியிருக்கின்றன. குரலைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலையின் கடைசிப் படி. பல இடங்களில் அதை முதல் படியாக வைத்துக்கொள்கிறார்கள்.

கேட்பவர் எதை எடைபோடுகிறார்?

ஒரு குரலைக் கேட்டதும் நாம் முடிவு கட்டிவிடுகிறோம் என்பதற்கு நல்ல ஆய்வு இருக்கிறது. ஃபில் மெக்கலீர், அலெக்சாண்டர் டோடோரோவ், பாஸ்கல் பெலின் ஆகிய மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 64 பேரின் பேச்சிலிருந்து 'ஹலோ' என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டியெடுத்து 320 பேருக்குப் போட்டுக்காட்டினார்கள். ஒவ்வொரு குரலும் அரை நொடி அளவே ஒலித்தது. ஆனாலும் யார் நம்பத்தக்கவர், யார் அதட்டுபவர் என்பதில் கேட்டவர்களின் கணிப்பு பெரிதும் ஒத்துப்போனது. அவர்கள் கொடுத்த மதிப்பெண்களைப் பகுத்தபோது இரண்டு அச்சுகள் தெரிந்தன: ஒன்று நம்பிக்கை, மற்றொன்று ஆதிக்கம்.

மனிதர்கள் மனிதர்களை எடைபோடும் விதத்தைப் பற்றி சூசன் ஃபிஸ்க், ஏமி கடி, பீட்டர் கிளிக் ஆகியோர் செய்த ஆய்வுகளும் இதற்கு அருகில் வருகின்றன. எதிரில் இருப்பவரைப் பற்றி நம் மனம் இரண்டு கேள்விகள் கேட்கிறது என்கிறார்கள். இவர் எனக்கு நல்லது நினைக்கிறாரா? நினைத்தாலும் அதைச் செய்து முடிக்கும் திறமை இவருக்கு இருக்கிறதா? முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதில் கனிவு. இரண்டாவதற்குக் கிடைப்பது திறமை. வங்கியின் குரலுக்கு இரண்டும் வேண்டும். நல்லெண்ணம் இருந்து திறமை இல்லாவிட்டால் அனுதாபம் மட்டும் மிஞ்சும். திறமை இருந்து நல்லெண்ணம் இல்லாவிட்டால் அச்சம் மிஞ்சும்.

ஆனால் அரை நொடியில் விழும் எண்ணம் தொடக்கம் மட்டுமே. அழைப்பு மூன்று நான்கு நிமிடம் ஓடுகிறது. அதற்குள் குரலும் சொல்லும் ஒத்துப்போகின்றனவா என்பதைக் காது கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிளிஃபர்ட் நாஸ், குவான் மின் லீ என்பவருடன் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கணினிக் குரலின் வேகம், ஒலியளவு, சுருதி ஆகியவற்றை மாற்றினாலே கேட்பவர்கள் அதற்கு ஒரு சுபாவத்தைக் கற்பித்துக்கொள்கிறார்கள். அந்தச் சுபாவத்துக்குப் பொருந்திய வாசகத்தைப் பேசினால் குரலை விரும்புகிறார்கள். பொருந்தாவிட்டால் விருப்பம் குறைகிறது. அலுவலக அறிவிப்பை எழுதி வைத்துக்கொண்டு அதைச் சிரித்த குரலில் படிக்கச் சொன்னால் கனிவு வராது என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

தொலைபேசி விட்டுவைப்பது என்ன?

ஒலிப்பதிவுக் கூடத்தில் கேட்கும் குரல் வாடிக்கையாளர் காதுக்குப் போய்ச் சேருவதில்லை. மரபான தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. நொடிக்கு 8,000 முறை மாதிரி எடுக்கிறது. ஆண்குரலின் அடிப்படைச் சுருதி 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், பெண்குரலின் சுருதி 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருப்பது வழக்கம். இரண்டுமே அந்த வரம்புக்குக் கீழே விழுகின்றன. மேலே உள்ள ஒத்திசைகளைக் கொண்டு மூளை சுருதியை ஊகித்துக்கொள்வதால் ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்கிறது. ஆனால் கூடத்தில் நெஞ்சைத் தொட்ட அந்த அடிநாதம் இணைப்பிலேயே கரைந்துவிடுகிறது. வரம்பின் மேல்முனையில் ஸகரம், ஷகரம், ஃபகரம் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் உயர் அலைகளும் வெட்டுப்படுகின்றன. புதிய கைப்பேசி இணைப்புகள் இதைவிட அகன்ற ஒலியைக் கடத்தும். எனினும் வழியில் ஒரு கண்ணி பழையதாக இருந்தால் ஒலி மீண்டும் குறுகிவிடும்.

அப்படியானால் என்ன மிஞ்சுகிறது? வேகம் மிஞ்சுகிறது, இடைநிறுத்தம் மிஞ்சுகிறது, வாக்கியத்தின் முடிவில் சுருதி இறங்குகிறதா ஏறுகிறதா என்பது மிஞ்சுகிறது. தொலைபேசியில் கனிவையும் உறுதியையும் காட்டக் கிடைக்கும் கருவிகள் பெரும்பாலும் இவைதான். "கார்டை நிறுத்திட்டோம்" என்ற வாக்கியத்தின் முடிவில் சுருதி இறங்கினால் வேலை முடிந்தது என்று கேட்கிறது. அதே வாக்கியத்தை விளம்பரக் குரல் போல ஏற்றி முடித்தால் இன்னும் ஏதோ பாக்கி இருப்பது போலக் கேட்கிறது. எனவே குரல் தேர்வு சாதாரணக் கைப்பேசி வழியாக, பேருந்து நிலைய இரைச்சலுக்கு நடுவே கேட்டுப்பார்த்து நடக்க வேண்டும். கூட்ட அறையின் நல்ல ஒலிபெருக்கியில் கேட்டுத் தேர்ந்தெடுத்தால், வாடிக்கையாளருக்குப் போய்ச் சேராத ஒன்றுக்காக வங்கி பணம் கொடுக்கிறது.

பெண்குரலா ஆண்குரலா என்ற கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். நாஸ், யங்மி மூன், நான்சி கிரீன் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், குரல் கணினியுடையது என்று தெரிந்தும் கேட்டவர்கள் ஆண்குரல் சொன்ன பாராட்டுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். பணிவிடை செய்யும் இயந்திரங்களுக்கெல்லாம் இளம்பெண் குரலையே வைப்பது பழைய எண்ணங்களை வலுப்படுத்துகிறது என்று யுனெஸ்கோ 2019-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஆகவே கனிவு வேண்டும் என்பதற்காகப் பெண்குரல், நம்பிக்கை வேண்டும் என்பதற்காக ஆண்குரல் என்று பங்கிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வயதில் முதிர்ந்த, அவசரப்படாத, தெளிவான உச்சரிப்புள்ள குரல் எந்தப் பாலினத்தவருடையதாக இருந்தாலும் இந்த வேலைக்குப் பொருந்தும். வங்கிக் கிளையில் பத்து வருடம் கவுன்டரில் உட்கார்ந்த ஒருவரிடம் வாடிக்கையாளர் எதிர்பார்க்கும் நிதானம் அந்தக் குரலில் இருந்தால் போதும்.

எந்தத் தமிழில் பேசுவது?

தமிழில் இந்த வேலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. "பற்று அட்டையை முடக்க எண் ஒன்றை அழுத்தவும்" என்பது பிழையற்ற வாக்கியம்தான். ஆனால் இது சுவரில் ஒட்டிய அறிவிப்பின் மொழி. இதில் பேசுபவர் யாரும் இல்லை, கேட்பவர் யாரும் இல்லை. 'அழுத்தவும்' என்ற வடிவம் யாருக்கு என்றில்லாமல் கட்டளையிடுகிறது. பதறிப்போயிருக்கும் ஒருவருக்கு இது வங்கியின் மூடிய கதவாகவே கேட்கும்.

மறுபுறம், ஒரு வட்டாரத்தின் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஆகாது. கொங்குப் பேச்சு நாகர்கோவிலில் அந்நியமாகக் கேட்கும். சில பேச்சு வழக்குகளோடு சாதி அடையாளமும் ஒட்டிக்கொண்டு வரும். ஊர்க்காரரின் பேச்சு ஊர்க்காரருக்கு நெருக்கம். மற்றவருக்கு அது விலகல். இந்த இரண்டுக்கும் நடுவில், படித்தவர்கள் வேற்றூர்க்காரரிடம் பேசும்போது கையாளும் பொதுப் பேச்சுத் தமிழ் ஒன்று இருக்கிறது. பேச்சுத் தமிழுக்கு 1999-இல் இலக்கண நூல் வெளியிட்ட ஹெரால்டு ஷிஃப்மன் அதைத் தரப்படுத்திய பேச்சுத் தமிழாகவே எடுத்துக்கொண்டு விவரித்தார். வங்கிக் குரலுக்கு ஏற்றது இதுதான்: நீங்க, வாங்க, சொல்லுங்க என்ற மரியாதைப் பன்மை, விழுங்காமல் முழுதாக ஒலிக்கும் சொல்லிறுதிகள், மக்கள் வாயில் வரும் கார்டு, ஏடிஎம், பேலன்ஸ், பிளாக் போன்ற சொற்கள். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு 'பற்று அட்டை' தொலைந்துவிட்டது என்று யாரும் பதறுவதில்லை.

சட்டப்படி சொல்ல வேண்டிய வாக்கியங்கள் வரும்போது பேச்சுத் தமிழிலிருந்து ஒரு படி மேலேறலாம். ஆனால் செயப்பாட்டு வினையைத் தவிர்ப்பது நல்லது. 'முடக்கப்பட்டுவிட்டது' என்றால் முடக்கியவர் யாரென்று தெரிவதில்லை. 'நிறுத்திட்டோம்' என்றால் வங்கி பொறுப்பேற்றுக்கொள்கிறது. 'நிறுத்திட்டேன்' என்று குரல் தன்னையே சுட்டினால், இயந்திரம் மனிதர் போலப் பேசுவதாகிறது. நாஸும் ஸ்காட் பிரேவும் 2005-இல் வெளியிட்ட 'வயர்டு ஃபார் ஸ்பீச்' என்ற நூலில், இயந்திரக் குரல் 'நான்' என்று சொல்லிக்கொள்வது அதற்குப் பொருந்துவதில்லை என்பதைத் தனியாகவே விவாதிக்கிறார்கள். தமிழில் 'ஓம்' என்ற விகுதி இதற்கு எளிதான வழி தருகிறது. பேசுவது நிறுவனம் என்பது ஒரு விகுதியிலேயே விளங்கிவிடுகிறது.

ஓர் அழைப்பு, படிப்படியாக

இனி அழைப்புக்கு வருவோம். மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் ஓர் அம்மா நிற்பதாக வைத்துக்கொள்வோம். இரவு 9 மணி 4 நிமிடத்துக்கு ஏடிஎம்மில் 9,500 ரூபாய் எடுத்ததாகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. பையைப் பார்த்தால் பர்ஸ் இல்லை. வங்கியின் இலவச எண்ணை அழைக்கிறார்.

சரியாக எழுதப்படாத சேவை இப்படித் தொடங்கும்: அழைத்ததற்கு நன்றி சொல்லும்; உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று சொல்லும்; நகைக்கடன் வட்டியைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லும்; மொழி கேட்கும்; பிறகு எட்டு தேர்வுகளை வாசிக்கும். அதற்குள் முக்கால் நிமிடம் போயிருக்கும். அழைப்பு முக்கியம் என்று சொன்ன அதே மூச்சில் விளம்பரம் போட்டால், முதல் வாக்கியம் பொய் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நம்பிக்கை அங்கேயே முறிகிறது.

பதிவான எண்ணிலிருந்து அழைக்கிறார் என்பதும், அவர் தமிழைத் தேர்ந்தெடுத்தவர் என்பதும் வங்கிக்குத் தெரியும். எனவே குரல் இப்படித் தொடங்கலாம்: "வணக்கம். இது வங்கியோட தானியங்கிக் குரல். கார்டு தொலைஞ்சிருந்தாலோ, நீங்க எடுக்காத பணம் போயிருந்தாலோ, ஒண்ணை அழுத்துங்க." பத்து நொடிக்குள் அவசரக் கதவு திறந்துவிடுகிறது. தான் இயந்திரம் என்பதைக் குரல் முதலிலேயே சொல்லிவிடுகிறது. ஒருவேளை மனிதரோ என்று அவரை ஊகிக்கவைத்துப் பிறகு ஏமாற்றுவதை விட இது நேர்மையானது. நிபந்தனை முன்னும் செயல் பின்னும் வருவது தமிழ் வாக்கியத்தின் இயல்பு. எந்த எண்ணை அழுத்துவது என்பது கடைசியில் காதில் விழுவதால் மறக்கவும் மறக்காது.

அடுத்தது ஆளை உறுதிசெய்வது. இங்கே ஒரு தவறு நடக்க இடமுண்டு. கார்டைத் தொலைத்தவரிடமே கார்டின் 16 எண்களைக் கேட்பது! அதைப் பார்த்துச் சொல்லக் கார்டு அவர் கையில் இல்லை. கார்டை நிறுத்துவதற்கு வேண்டிய சான்று, பணம் அனுப்புவதற்கு வேண்டிய சான்றைப் போல வலுவாக இருக்கத் தேவையில்லை. தவறாக நிறுத்திவிட்டால் ஒருவருக்குச் சில நாள் சிரமம். நிறுத்தாமல் விட்டால் கணக்கே காலியாகலாம். பதிவான எண்ணிலிருந்து வந்த அழைப்பும், பொத்தானில் அழுத்தும் பிறந்த தேதியும் இதற்குப் போதும். அதை வாயால் சொல்லச் சொல்லக் கூடாது. பக்கத்தில் நிற்பவர்களுக்கும் காது இருக்கிறது.

பிறகு குரல் கேட்கிறது: "இன்னைக்கு ராத்திரி 9 மணி 4 நிமிஷத்துக்கு ஏடிஎம்ல ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் எடுத்திருக்கு. அந்தக் கார்டை நிறுத்தணுமா? ஆமான்னா ஒண்ணை அழுத்துங்க." கார்டின் கடைசி நான்கு எண்கள் அந்த அம்மாவுக்கு நினைவில் இருக்காது. நடந்த சம்பவம் நினைவில் இருக்கும். வங்கிக்குத் தெரிந்ததை வங்கியே எடுத்துச் சொல்லும்போது, இவர்கள் என் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற தெம்பு வருகிறது. திறமையும் கனிவும் ஒரே வாக்கியத்தில் சேரும் இடம் இது.

"நிறுத்திட்டோம். இனிமே அந்தக் கார்டை வெச்சு யாரும் பணம் எடுக்க முடியாது." இதற்குப் பின் ஒரு நொடி மௌனம் வேண்டும். அழைத்தவர் மூச்சு விடும் நேரம் அது. "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது" என்ற வாக்கியத்தை நான் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். இயந்திரத்துக்கு வருத்தம் புரியாது என்பது அழைத்தவருக்குத் தெரியும். வருத்தத்தின் காரணத்தை முதலில் நீக்குவதே அந்த இடத்தில் கனிவு.

அடுத்து, போன பணம். இங்கே ரிசர்வ் வங்கியின் விதி உதவிக்கு வருகிறது. அங்கீகாரமில்லாத மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதை 2017 ஜூலை 6-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கை வரையறுத்தது. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் குறையில்லாமல் வெளியாரால் நடந்த மோசடியை, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்றது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்திருந்தால், தெரிவிக்கும் வரை போனது அவருடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது என்றது. தெரிவித்த பத்து வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்கவும், புகாரைத் 90 நாளுக்குள் தீர்க்கவும் சொன்னது. புகார் எண்ணை உடனே தர வேண்டும் என்றும் கூறியது.

ஆக, புகார் பதிவான நேரம் அந்த அம்மாவின் உரிமைக்கு அடிப்படை. குரல் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "உங்க புகாரை இன்னைக்கு ராத்திரி 9 மணி 14 நிமிஷத்துக்குப் பதிவு பண்ணிட்டோம். புகார் எண்ணும் நேரமும் உங்களுக்கு மெசேஜ்ல வருது. பணம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்குமான்னு விசாரிச்சுத்தான் சொல்ல முடியும். எப்ப சொல்லுவோம்ங்கிறதும் மெசேஜ்ல இருக்கும்." கிடைத்துவிடும் என்று சொல்லி ஆறுதல் தருவது எளிது, ஆனால் விசாரணைக்கு முன் அப்படிச் சொல்ல வங்கிக்கு உரிமையில்லை. முடிந்தது எது, முடியாதது எது, எப்போது தெரியும் என்று மூன்றையும் பிரித்துச் சொல்லும் குரலையே மறுநாளும் நம்புவார்கள்.

எண்களில் வழுக்கும் இடம்

வங்கிக் குரலின் தரத்தைச் சோதிக்க அது தொகையை எப்படிச் சொல்கிறது என்று கேட்டாலே போதும். பழைய முறையில் சொற்களைத் தனித்தனியாகப் பதிவுசெய்து ஒட்டுவார்கள். ஆங்கிலத்தில் இது ஓரளவு தேறும். தமிழில் எண்ணுப்பெயர்கள் இடத்துக்கு இடம் வடிவம் மாறுகின்றன. முழு ஆயிரமாக முடிந்தால் 'ஒன்பதாயிரம்'. பின்னே நூறு வந்தால் 'ஒன்பதாயிரத்து'. நூறாக முடிந்தால் 'முந்நூறு', தொடர்ந்தால் 'முந்நூற்று'. ஒட்டுப்பதிவில் 'ஒன்பதாயிரம், ஐந்நூறு' என்று வந்தால், இரண்டு தனித் தொகைகள் போலக் கேட்கும். பணம் இழந்தவருக்கு அது இன்னொரு அதிர்ச்சி. எனவே ஒவ்வொரு வடிவத்தையும் முடியும் இடத்துக்கு ஒன்று, தொடரும் இடத்துக்கு ஒன்று என இரண்டு சுருதியில் பதிவுசெய்ய வேண்டும்.

இப்போது எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் வரவேற்பை மனிதர் பதிவுசெய்த குரலிலும் தொகையை இயந்திரக் குரலிலும் கலந்து வைக்கும் வழக்கம் இன்னும் உண்டு. லி காங், ஜெனிஃபர் லாய் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கலப்புக் குரலைக் கேட்டவர்கள் தாங்கள் நன்றாகச் செய்ததாக நினைத்தார்கள். உண்மையில் முழுக்க இயந்திரக் குரலைக் கேட்டவர்களே வேலையைச் சரியாகச் செய்தார்கள். பாதியில் ஆள் மாறியது போலக் குரல் மாறினால் கவனம் சிதறுகிறது. முழுவதும் ஒரே குரலாக இருப்பது இரண்டு குரல் கலப்பதை விட நல்லது.

இன்னொன்று: தொண்ணூறு என்பது 90, தொள்ளாயிரம் என்பது 900. அறுபது, எழுபது, எண்பது மூன்றும் ஒரே ஒலியில் முடிகின்றன. இரைச்சலில் இவை தடுமாறும். தொகையைச் சொன்னபின் அதைக் குறுஞ்செய்தியிலும் அனுப்புவது இதற்குத் தீர்வு. புகார் எண்ணைப் பேச்சில் சொல்வதானால் மூன்று நான்கு இலக்கங்களாகப் பிரித்து, நடுவில் இடம்விட்டுச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் எண் சொல்லும் இடத்தில் 'நாலு ஏழு' என்றாலும் 'ஃபோர் செவன்' என்றாலும் கேட்டுக்கொள்ளும் சேவை வேண்டும். நன்றாகத் தமிழ் பேசுகிறவர்களே போன் நம்பரை ஆங்கில இலக்கங்களில் சொல்வது இங்கே அன்றாட வழக்கம்.

தவறு நேரும்போது தெரியும் குணம்

எல்லாம் சரியாக நடக்கும்போது குரலின் குணம் தெரிவதில்லை. கேட்டது புரியாதபோது தெரியும். 'தவறான உள்ளீடு' என்று குரல் சொன்னால் குற்றம் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. 'சரியாக் கேக்கலை, இன்னொரு தடவை சொல்லுங்க' என்றால் வங்கி அதை ஏற்றுக்கொள்கிறது. இரண்டாம் முறையும் புரியாவிட்டால், அதே கேள்வியைத் திரும்பக் கேட்காமல் பொத்தானுக்கு மாற வேண்டும். மூன்றாம் முறை மனிதரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும்போது இதுவரை பதிவானவையும் அவரிடம் போய்ச்சேர வேண்டும். பிறந்த தேதியை மறுபடி முதலிலிருந்து கேட்டால், இத்தனை நேரம் பேசியது வீண் என்றாகிவிடும்.

மௌனமும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும். தான்யா ஸ்டிவர்ஸ் குழுவினர் 2009-இல் பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டபோது, கேள்விக்கும் பதிலுக்கும் இடையே சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இடைவெளி இருந்தது. வங்கியின் கணினி ஒரு கார்டை நிறுத்தச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரம் முழுக்க ஓசையில்லாமல் இருந்தால் இணைப்பு அறுந்துவிட்டது என்று அழைத்தவர் வைத்துவிடுவார். "கார்டை நிறுத்திக்கிட்டிருக்கோம், சில நொடி ஆகும், லைன்லயே இருங்க" என்ற ஒரு வாக்கியம் இதைத் தடுக்கும். பாட்டுப் போடுவது பதற்றத்தைக் குறைக்காது.

கனிவுக்கு ஓர் எல்லை

இந்தப் பொருளில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். மோசடிக்காரர்களும் கனிவாகத்தான் பேசுகிறார்கள். 'சார், மேடம்' என்று மரியாதையாகப் பேசி, கார்டு முடங்கப்போகிறது என்று பயமுறுத்தி, உதவுகிறேன் என்று சொல்லி ஓடிபியைக் கேட்கிறார்கள். குரலின் தன்மையைக் கொண்டு வங்கியையும் திருடனையும் பிரிக்க முடியாது; இயந்திரம் எந்தக் குரலையும் நகலெடுக்கும் காலத்தில் அது இன்னும் கடினம். ஆகவே வங்கிக் குரலின் அடையாளம் அதன் நடத்தையில் இருக்க வேண்டும். திருடனால் பின்பற்ற முடியாத நடத்தையாக அது இருக்க வேண்டும்.

வங்கிக் குரல் ஓடிபியையோ, பின் நம்பரையோ, கார்டின் பின்பக்க எண்ணையோ எந்த நிலையிலும் வாயால் சொல்லச் சொல்லக் கூடாது. அவசரப்படுத்தக் கூடாது, 'இப்போதே செய்யாவிட்டால்' என்ற பேச்சு அதன் வாயில் வரவே கூடாது. வங்கியே அழைக்கும்போது, "சந்தேகமா இருந்தா போனை வெச்சுட்டு, உங்க கார்டு பின்னாடி இருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும். திருடன் தன்னிடமிருந்து விலகிப்போக வழிசொல்ல மாட்டான். சேவை அழைப்புகளை வங்கிகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தே செய்ய வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அந்த ஏற்பாட்டையும் குரல் தன் வாயால் வாடிக்கையாளருக்கு நினைவூட்டலாம். பணம் போனவரிடம் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைச் சொல்வதும் அதன் கடமை.

சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குரல் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பலரும் பிடித்திருக்கிறது என்றே சொல்வார்கள். அதைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. சிலரை அழைக்கச் செய்து, அழைப்பு முடிந்ததும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கார்டு நின்றுவிட்டதா? பணம் திரும்புமா என்று வங்கி என்ன சொன்னது? அடுத்து என்ன நடக்கும்? மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் குரல் தன் வேலையைச் செய்திருக்கிறது. கார்டு நின்றதா என்பதில் சந்தேகத்தோடு ஒருவர் மறுபடி அழைத்தால், குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் தோற்றுவிட்டது. சோதனைக்கு வருபவர்களில் அறுபதைக் கடந்தவர்களும், எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களும், வெவ்வேறு ஊர்ப் பேச்சுடையவர்களும் இருக்க வேண்டும்.

மனிதரிடம் போகாமலே முடிந்த அழைப்புகள் எத்தனை என்பதை வெற்றியாகக் கணக்கிடும் வழக்கம் தவறான வழிகாட்டி. சலித்துப்போய்ப் போனை வைத்தவரும் அந்தக் கணக்கில் வெற்றியாகவே சேர்ந்துவிடுவார். எந்த வாக்கியத்தின்போது மக்கள் போனை வைக்கிறார்கள், மறுநாளுக்குள் எத்தனை பேர் அதே காரணத்துக்காகத் திரும்ப அழைக்கிறார்கள் என்பதைப் பார்த்தால், எந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும் என்பது தெரியும்.

தமிழில் பேசும் வங்கிக் குரலை உருவாக்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் வேண்டுவது இதுதான். குரல் கலைஞரைத் தேடுவதற்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள். இந்தக் குரல் எதை முதலில் சொல்லும், எதை ஒருபோதும் கேட்காது, தெரியாததை எப்படிச் சொல்லும், எந்தக் கட்டத்தில் மனிதரிடம் கொடுக்கும் என்பவை அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். அதை ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்காமல், தமிழில் பேசிப் பார்த்து எழுதுங்கள். அந்தப் பக்கம் சரியாக அமைந்தால் சாதாரணக் குரலும் கனிவாகக் கேட்கும். அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல குரலும் அந்த அம்மாவைக் காப்பாற்றாது.